தேங்காய் எண்ணெய் சோப்பு வெளியீடு: மூன்று டீசர் பதிவுகளில் எதைச் சொல்வது, எதை நிறுத்தி வைப்பது?

கொப்பரைக்களம்

வணக்கம். காங்கேயம் வட்டாரத்தில் எங்களுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. கந்தகப் புகை காட்டாமல் வெயிலில் காயவைத்த கொப்பரையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்று வருகிறோம். இப்போது அதே எண்ணெயில் கையால் சோப்பு செய்திருக்கிறேன். வேறு எண்ணெய் கலக்கவில்லை, வாசனையும் சேர்க்கவில்லை. நவம்பர் 30 அன்று 4 கிலோ எண்ணெயில் ஊற்றியதில் ஓரம் கழித்து 48 கட்டிகள் வந்தன. பொங்கலுக்கு முன்பே வாங்குபவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது எண்ணம். எண்ணெய் வாங்கும் முந்நூறு பேரின் எண்கள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் கணக்கு புதிது.

விற்பனைக்கு முன் மூன்று டீசர் பதிவுகள் போட நினைத்து எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் பதிவு: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. "புதிதாக ஒன்று வருகிறது... காத்திருங்கள்!"

இரண்டாம் பதிவு: தேங்காய் மூடி, பூக்கள் வைத்த படம். "ரசாயனம் துளியும் இல்லை. முழுக்க இயற்கை. உங்கள் சருமப் பிரச்சினைகள் அனைத்துக்கும் ஒரே தீர்வு."

மூன்றாம் பதிவு: சோப்பின் படம், விலை 110 ரூபாய், ஆர்டர் செய்ய எண்.

மூன்றையும் அடுத்தடுத்த மூன்று நாட்களில் போடலாமா? எங்கே திருத்த வேண்டும்? தாராளமாகச் சொல்லுங்கள்.

---

விளம்பரன்

கட்டமைப்பு சரியாகத்தான் இருக்கிறது அக்கா. டீசருக்கு உயிரே மறைப்பதில்தான் இருக்கிறது. மூன்றாம் பதிவு வரை பொருளைக் காட்டவே கூடாது. இரண்டாம் பதிவில் தேங்காய் மூடியை வைத்தாலே பாதி வெளிப்பட்டுவிடும், அதையும் எடுத்துவிடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து போடுவதுதான் நல்லது; இடைவெளி விட்டால் மறந்துவிடுவார்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இன்ஸ்டாகிராமில் பதிவுகள் நாம் போட்ட வரிசையில் எல்லோருக்கும் போய்ச் சேர்வதில்லை. ஒருவருக்கு மூன்றாவது முதலில் தெரியும், முதல் பதிவு மறுநாள் தெரியும். அதனால் ஒவ்வொன்றின் மூலையிலும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். மூன்றும் வந்த பிறகு மூன்றையும் உங்கள் பக்கத்தின் மேலே குத்தி வையுங்கள். புதிதாக வருபவர் கதையை வரிசையாகப் பார்க்கலாம்.

---

சோப்புக்கூடம்

எண் போடச் சொன்னது நல்ல யோசனை. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

"புதிதாக ஒன்று வருகிறது" என்று பெரிய நிறுவனம் போட்டால் மக்கள் காத்திருப்பார்கள், அந்தப் பெயருக்காக. உங்களிடம் எண்ணெய் வாங்கும் முந்நூறு பேருக்கு அது புது எண்ணெய்ப் பாட்டிலா, பொங்கல் தள்ளுபடியா என்றுகூட ஊகிக்க வழியில்லை. ஊகிக்க வழியில்லாத புதிரை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. முதல் பதிவில் அவர்கள் வீட்டில் ஏற்கனவே இருக்கும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

அந்தக் கேள்வி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று எனக்குத் தெரியும். குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. தேங்காய் எண்ணெய் சோப்பு அந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். இந்த எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து வரும் சோப்பு சட்டென்று கரைவதால் உப்புத் தண்ணீரிலும் நுரை அடங்கிப்போவதில்லை. கப்பல்களில் கடல் நீரில் குளிப்பதற்கென்றே தேங்காய் எண்ணெய் சோப்பு வைத்திருந்தார்கள். உங்கள் பொருள் செய்யக்கூடிய, கண்ணால் பார்க்கக்கூடிய, பெரும்பாலான சோப்புகள் தடுமாறுகிற காரியம் இதுதான். இதை விட்டுவிட்டு எல்லாரும் சொல்கிற "முழுக்க இயற்கை"யை ஏன் பிடிக்கிறீர்கள்?

முதல் பதிவில் வெள்ளை படிந்த குழாயையும் ஒரு குவளைத் தண்ணீரையும் காட்டிக் கேள்வி கேளுங்கள். இரண்டாம் பதிவில் அதே குழாய், அதே குவளை, உங்கள் கை, நுரை. விடை அங்கேயே வந்துவிடும். மூன்றாம் பதிவில் விலை, எண்ணிக்கை, எப்போது அனுப்புவீர்கள் என்பது. அப்போது மூன்றும் ஒரே பேச்சின் தொடர்ச்சியாக இருக்கும்.

ஒரு வார்த்தை கவனமாக. நுரை வரும் என்பது வேறு, படலம் படியாது என்பது வேறு. கடினத் தண்ணீரில் எந்த அசல் சோப்பும் வாளியின் ஓரத்தில் வெள்ளைப் படலம் விடத்தான் செய்யும், உங்களுடையதும் விடும். "அழுக்குப் படலம் இல்லை" என்று ஆர்வத்தில் எழுதிவிட்டால் முதல் வாரத்திலேயே வாளியைப் படம் பிடித்து அனுப்புவார்கள்.

அப்புறம், காஸ்டிக் சோடா எவ்வளவு போட்டீர்கள்?

---

மூலிகைத்தைலம்

அக்கா, நாங்கள் சீயக்காய்த் தூளும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் விற்கிறோம். எங்கள் முதல் பதிவைப் பார்த்தவுடனேயே ஐம்பது அறுபது பேர் "என்ன விலை, எப்போது கிடைக்கும்" என்று கேட்டுவிட்டார்கள். விலை முடிவாகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் எழுதுவதற்குள் பொழுது போய்விட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் விற்பனை தொடங்கியபோது பதிலே போடவில்லை. அதனால் கேட்பவர்களின் பெயரை எங்காவது குறித்து வைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் பதிவு போடுங்கள்.

இன்னொரு சந்தேகம். இந்தச் சோப்பைத் தலைக்கும் போடலாமா? போடலாம் என்றால் எங்கள் வாடிக்கையாளர்களிடமும் சொல்வேன்.

---

சோப்புக்கூடம்

தலைக்கு வேண்டாம் அம்மா. சோப்பு காரத்தன்மை உடையது, அத்துடன் கடினத் தண்ணீரின் படலம் முடியில் ஒட்டிக்கொண்டு பிசுக்காகிவிடும். அதைப் போக்க உங்கள் சீயக்காயைத்தான் தேட வேண்டியிருக்கும்.

---

வயல்வரப்பு

முன்னோட்டம் என்றால் முன்கூட்டியே கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதுதானே? அதற்கு ஏன் பதிவு? கட்டிகளை வெட்டும்போது ஓரத் துண்டுகள் விழும் இல்லையா, அவற்றை எண்ணெய்ப் பாட்டிலோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் புது வெல்லம் வந்தால் விள்ளிக் கையில் வைப்பார்கள். வாயில் போட்டுப் பார்த்தவன்தான் வாங்குவான்.

---

விளம்பரன்

ஐயா, அவர் கேட்பது சமூக ஊடகப் பதிவுகளைப் பற்றி. இலவச மாதிரி கொடுப்பது வேறு விஷயம்.

---

சோப்புக்கூடம்

வேறு விஷயம் என்றாலும் தள்ளிவிட வேண்டாம் தம்பி. ஓரத் துண்டுகளும் கட்டிகளோடு சேர்ந்தே உலர்ந்துகொண்டிருக்கும். முதல் பதிவுக்குப் பின் எண்ணெய் வாங்க வருபவர் சிலருக்குக் கொடுத்து, "உங்கள் வீட்டுத் தண்ணீரில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அவர்கள் கையில் நுரைத்த படம் வந்தால், இரண்டாம் பதிவில் அவர்கள் அனுமதியோடு சேர்க்கலாம். நீங்கள் மட்டும் தேய்த்துக் காட்டுவதைவிட அது வலுவாக நிற்கும். முழுதாக உலர்ந்த பின் மட்டுமே கொடுக்க வேண்டும்.

---

கொப்பரைக்களம்

எல்லோருக்கும் நன்றி. போர் தண்ணீர் யோசனை மனதுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், முனை முழுக்கச் சுண்ணாம்பு.

ஐயா கேட்ட கணக்கு: 4 கிலோ தேங்காய் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்க 732 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நான் 585 கிராம்தான் போட்டேன். ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சோப்பாகாமல் கட்டியிலேயே தங்கட்டும் என்று விட்டேன்.

மூன்று கட்டிகளில் அடையாளம் போட்டு வாரம் ஒரு முறை எடை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்தபோது 121 கிராம், டிசம்பர் 7 அன்று 115, நேற்று 111.

வெட்டும்போது எடுத்த சிறு காணொளியும் இருக்கிறது. கத்தி இறங்க இறங்க, வெட்டிய முகம் பளிங்கு போல வெள்ளையாகத் தெரியும். அதை எந்தப் பதிவில் வைக்கலாம்?

---

சோப்புக்கூடம்

அளவு சரி. தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் அவ்வளவு மிச்சம் விட வேண்டும். வழக்கமான கலவைச் சோப்பைப் போல நூற்றுக்கு ஐந்து மட்டும் விட்டிருந்தால் தோல் இழுத்துப் பிடித்திருக்கும். இருந்தாலும் "சருமத்தை மென்மையாக்கும்" என்று எழுதாதீர்கள். இது நன்றாக அழுக்கு எடுக்கிற சோப்பு. இயல்பிலேயே வறண்ட தோல் உள்ளவர் இரண்டு வேளை தேய்த்தால் வறட்சி தெரியத்தான் செய்யும்.

வெட்டும் காணொளி இரண்டாம் பதிவுக்கு ஏற்றது. இந்தச் சோப்பு எவ்வளவு சீக்கிரம் இறுகும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். மாலையில் ஊற்றிவிட்டு மறுநாள் வெட்டலாம் என்று விட்டால் ஓரம் பொடிந்து சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஊற்றிய சில மணி நேரத்தில், இன்னும் கதகதப்பாக இருக்கும்போதே வெட்டியாக வேண்டும். உங்கள் வெட்டு சுத்தமாக இருந்தால் அது கைத்தேர்ச்சிக்குச் சாட்சி. அதன் அடியில் ஒரே வரி போதும்: "இறுகும் முன் வெட்ட வேண்டும்."

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. 121, 115, 111 என்று போகிற வேகத்தைப் பார்த்தால் 105 பக்கம் நிற்கும் என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் ஒரு கிராமுக்கு மேல் குறையாவிட்டால்தான் உலர்ந்தது என்று வைத்துக்கொள்வேன். ஊற்றிய நாளிலிருந்து ஐந்து வாரம் என்றால் ஜனவரி 4. அதற்கு முன் மூன்றாம் பதிவு வரக் கூடாது. உலராத கட்டியை விற்றால் குளியலறையில் சீக்கிரம் கரைந்து கூழாகிவிடும். நீங்கள் நுரையைக் காட்டிச் சம்பாதித்த நம்பிக்கையும் அதோடு போய்விடும்.

அதனால் டிசம்பர் 28 முதல் பதிவு, ஜனவரி 2 இரண்டாம் பதிவு, ஜனவரி 4 மாலை மூன்றாம் பதிவு என்று வைக்கலாம். ஜனவரி 1 வேண்டாம். அன்று எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் புத்தாண்டு வாழ்த்து நிரம்பி வழியும். மூன்றாம் பதிவுக்குப் பின் பார்சல் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது.

---

விளம்பரன்

ஐந்து நாள் இடைவெளி அதிகம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்கிறபடி முதல் பதிவு கேள்வியாக இருந்தால், பதில் சொல்பவர்களோடு பேசிக்கொண்டே அந்த இடைவெளியை ஓட்டலாம் என்று தோன்றுகிறது.

வாட்ஸ்அப் பற்றி ஒன்று. அக்கா, உங்களிடம் முந்நூறு எண்கள் இருக்கின்றன என்பதால் முந்நூறு பேரும் ஸ்டேட்டஸ் பார்க்க முடியும் என்று நினைக்காதீர்கள். அவர்கள் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்திருந்தால்தான் தெரியும். பிராட்காஸ்ட் செய்தியும் அப்படித்தான். எண்ணெய் வாங்கியவர்களில் பலர் வந்த எண்ணை அப்படியே விட்டிருப்பார்கள். அதனால் முதல் பதிவில் அவர்களைச் செய்யச் சொல்ல வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று: எண்ணைச் சேமித்து "நுரை" என்று ஒரு சொல் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியவர்கள்தான் உங்கள் பட்டியல். மூலிகைத்தைலம் கேட்ட ஏற்பாடும் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் சேமிக்காதவர்களுக்கு ஸ்டேட்டஸ் போய்ச் சேராது என்பதால், அந்த வேண்டுகோளை எண்ணெய்ப் பாட்டிலோடு ஒரு துண்டுச் சீட்டாகவும் கொடுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் மாலை ஏழு மணிக்கு மேல் போடுங்கள்.

இரண்டாம் பதிவின் வாசகம் மட்டும் எனக்குப் புரியவில்லை. "ரசாயனம் இல்லை" என்பதை ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள்? அதுதான் விற்கும். காஸ்டிக் சோடா என்ற சொல்லைப் பார்த்தால் பயந்து ஓடுவார்கள்.

---

பொட்டலச்சட்டம்

அதற்கு நான் பதில் சொல்கிறேன், பொட்டலமும் லேபிளும்தான் என் அன்றாட வேலை.

காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு கிடையாது. அது எண்ணெயோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது, அவர் மிச்ச எண்ணெய் விட்டிருப்பதால் கட்டியில் மீதம் இருக்காது. ஆனால் "ரசாயனமே தொடவில்லை" என்பது உண்மை ஆகிவிடாது. குளியல் சோப்பு நம் நாட்டில் அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுகிறது; 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் இதற்குப் பொருந்தும். தவறான எண்ணத்தை உண்டாக்கும் வாசகம் கூடாது. "சருமப் பிரச்சினைகள் அனைத்துக்கும் தீர்வு" என்பது அதைவிட ஆபத்து. நோயைக் குணப்படுத்தும் என்று சொன்ன அந்த நிமிடமே நீங்கள் மருந்து விற்பவர் ஆகிவிடுகிறீர்கள். டீசர்தானே, லேபிள் இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஸ்டேட்டஸும் விளம்பரம்தான்.

விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அது கையில் இருக்கிறதா? இல்லையென்றால் டீசரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

எடை விஷயத்தில் ஒரு யோசனை. நீங்கள் பொட்டலம் கட்டும்போது 105 கிராம் இருந்தாலும் கடை அலமாரியில் இன்னும் சிறிது காயும். 105 என்று அச்சிட்டால் வாங்குபவர் தராசில் 103 காட்டும். 100 கிராம் என்று அச்சிடுங்கள். டீசரிலும் அதையே சொல்லுங்கள், அல்லது எடையையே சொல்ல வேண்டாம்.

---

கொப்பரைக்களம்

உரிமம் இருக்கிறது. உரிமம் பெற்ற ஒரு கூடத்தில் நேரம் வாங்கி அங்கேயே செய்கிறேன். என் பெயரில் விற்பதற்கான லோன் லைசென்ஸும் வந்துவிட்டது. சமையலறையில் செய்யவில்லை.

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து மீண்டும் எழுதியிருக்கிறேன்.

1 (டிசம்பர் 28, மாலை): சுண்ணாம்பு படிந்த எங்கள் குழாயின் அண்மைப் படம், கீழே பித்தளைச் சொம்பு. "உங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா? எங்கள் வீட்டில் நுரைத்தது. எப்படி என்று வெள்ளிக்கிழமை காட்டுகிறோம். இந்த எண்ணைச் சேமித்து 'நுரை' என்று அனுப்புங்கள், முதலில் உங்களுக்கு வரும்."

2 (ஜனவரி 2, மாலை): முதலில் கத்தி இறங்கும் காட்சி, பிறகு அதே குழாய், அதே சொம்பு, கையில் நுரை. பின்னணி இசை இல்லை, தண்ணீர் விழும் சத்தம் மட்டும். "எங்கள் களத்துக் கொப்பரை, எங்கள் செக்கு எண்ணெய். வேறு எண்ணெய் இல்லை, வாசனை இல்லை. ஐந்து வாரம் உலர்ந்துகொண்டிருக்கிறது. ஞாயிறு மாலை வெளிவருகிறது."

3 (ஜனவரி 4, மாலை): பொட்டலம் கட்டிய கட்டிகள் வரிசையாக. "100 கிராம் கட்டி, 110 ரூபாய். இந்த முறை 44 கட்டிகள் மட்டுமே. ஒருவருக்கு இரண்டு. செவ்வாய்க்கிழமை அனுப்புகிறோம். மிக வறண்ட தோல் உள்ளவர்கள் ஒன்று மட்டும் வாங்கிப் பாருங்கள்."

48இல் நான்கை எடை பார்க்கவும் உடைந்தால் மாற்றிக் கொடுக்கவும் நிறுத்தி வைக்கிறேன். ஓரத் துண்டுகளை 28க்குப் பின் எண்ணெய் வாங்க வருபவர்களிடம் கொடுக்கிறேன்.

---

மூலிகைத்தைலம்

கடைசி வரி மிக நன்றாக இருக்கிறது அக்கா. யாருக்குப் பொருந்தாது என்று சொல்லும் விளம்பரத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கு இரண்டு கட்டி. "நுரை" என்று இப்போதே எழுதிவிட்டேன்.

---

விளம்பரன்

44 என்ற எண்ணிக்கையும் ஒருவருக்கு இரண்டு என்பதும் நன்று. உண்மையான எண்ணிக்கை என்பதால் கூச்சமில்லாமல் சொல்லலாம். வறண்ட தோல் வரியை நான் என்றால் எடுத்துவிடுவேன், உங்கள் விருப்பம். விலையை மட்டும் மூன்றாம் பதிவில் போடாதீர்கள். விலை கேட்டு எழுதுபவரோடு பேச்சுத் தொடங்கும், பேச்சிலிருந்து விற்பனை வரும்.

---

வயல்வரப்பு

விலை எழுதாத கடைக்குள் நான் நுழைய மாட்டேன் தம்பி. கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புவது சங்கடம் என்று கேட்காமலேயே போகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

---

பொட்டலச்சட்டம்

பொட்டலத்தில் அதிகபட்ச சில்லறை விலை எப்படியும் அச்சாகத்தான் போகிறது. பதிவில் மறைத்து என்ன ஆகப்போகிறது என்பது என் எண்ணம். ஆனால் இது சட்டக் கேள்வி இல்லை, வியாபாரக் கேள்வி.

---

சோப்புக்கூடம்

விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு விதமாகவும் நன்றாக விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் பதிவில் இருக்கும் "ஞாயிறு மாலை வெளிவருகிறது" என்ற வரிதான் உறுத்துகிறது. 28ஆம் தேதி எடைக்கும் ஜனவரி 4 எடைக்கும் இரண்டு கிராம் வித்தியாசம் வந்தால் என்ன செய்வீர்கள்? சொன்ன நாளுக்காக உலராத கட்டியை அனுப்புவீர்களா? "உலர்ந்ததும் வெளிவரும்" என்று மட்டும் எழுதுங்கள். முதல் பதிவின் வெள்ளிக்கிழமை இருக்கட்டும், அது காணொளிக்கான நாள்தான்.

நுரைக் காட்சியை ஒரே தொடராக எடுங்கள், இடையில் வெட்டாமல், குழாயைத் திறப்பதிலிருந்து. வெட்டி ஒட்டினால் வேறு தண்ணீர் ஊற்றியதாகச் சொல்பவர்கள் இருப்பார்கள்.

---

விளம்பரன்

நாள் சொல்லாத டீசரா? அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன் ஐயா. நாள் தெரிந்தால்தான் காத்திருப்பார்கள்.

---

கொப்பரைக்களம்

28ஆம் தேதி காலையில் எடை பார்த்துவிட்டு அந்த வரியை முடிவு செய்கிறேன். 21ஆம் தேதி எடையோடு ஒரு கிராம்தான் வித்தியாசம் என்றால் ஞாயிறு இருக்கும், இல்லையென்றால் எடுத்துவிடுவேன். எடையை இங்கேயும் எழுதுகிறேன்.